பங்கு ஏறியது, பணம் ஏன் ஏறவில்லை? சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்குவோரின் கேள்விகள்

இங்கே வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி, டாலர் என்றால் அமெரிக்க டாலர். கணக்குகளில் வரும் பங்கு விலையும் மாற்று விகிதமும் தரகுக் கட்டணமும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கணக்கறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் போட்டுப் பார்க்கலாம்.

நான் வாங்கிய அமெரிக்கப் பங்கு ஓராண்டில் 10 விழுக்காடு ஏறியது. விற்றுப் பணத்தை வங்கிக்குக் கொண்டுவந்தால் 4 விழுக்காடுகூடத் தேறவில்லை. தரகர் ஏமாற்றிவிட்டாரா?

அநேகமாக இல்லை. நீங்கள் ஒன்றை வாங்கியதாக நினைக்கிறீர்கள், வாங்கியது இரண்டு. முதலில் டாலரை வாங்கினீர்கள், பிறகு அந்த டாலரால் பங்கை வாங்கினீர்கள். பங்கின் விலையைத் தினமும் பார்த்தீர்கள், டாலரின் விலையைப் பார்க்கவில்லை.

20,000 வெள்ளியை எடுத்துக்கொள்வோம். சந்தையில் அன்று ஒரு டாலர் 1.35 வெள்ளி. தரகர் உங்களுக்கு 1.36க்கு விற்கிறார். கைக்கு வருவது 14,705.88 டாலர். சந்தை விலையிலேயே கிடைத்திருந்தால் 14,814.81. பங்கை வாங்கும் முன்பே 109 டாலர், அதாவது 147 வெள்ளி, போய்விட்டது. இது எந்த ரசீதிலும் கட்டணம் என்று அச்சாகாது.

ஒரு பங்கு 145 டாலர். நூறு பங்குக்கு 14,500 டாலர், தரகு 0.3 விழுக்காடு என்றால் 43.50 டாலர். மீதி 162.38 டாலர் கணக்கில் கிடக்கிறது. ஆண்டின் நடுவே பங்குக்கு 2 டாலர் வீதம் 200 டாலர் ஈவுத்தொகை வருகிறது. அதில் 60 டாலரை அமெரிக்கா வரியாகப் பிடித்துக்கொள்ள, 140 உங்களுக்கு. ஆண்டு முடிவில் பங்கு 159.50. விற்றால் 15,950, தரகு 47.85 போக 15,902.15. எல்லாம் சேர்த்து 16,204.53 டாலர்.

இந்த இடத்தில்தான் பலரும் மகிழ்ச்சியோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஓராண்டில் டாலர் 1.35இலிருந்து 1.29க்கு இறங்கிவிட்டது. தரகர் உங்கள் டாலரை 1.28க்குத்தான் எடுத்துக்கொள்கிறார். கைக்கு வருவது 20,741.80 வெள்ளி. இலாபம் 742 வெள்ளி, 3.7 விழுக்காடு.

போனது எங்கே என்று பிரித்துப் பார்த்தால், டாலர் இறங்கியதால் மட்டும் 972 வெள்ளி. போகும்போதும் வரும்போதும் நாணயத்தை மாற்றியதில் சுமார் 309 வெள்ளி. தரகு இருமுறையும் சேர்த்து 120 வெள்ளி. ஈவுத்தொகை வரி சுமார் 77 வெள்ளி. டாலரின் இறக்கம் உங்கள் கையில் இல்லை. நாணய மாற்றில் போன 309 வெள்ளி பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருந்தது. அது தரகைப்போல் இரண்டரை மடங்கு. ஆனால் எல்லாரும் பேரம் பேசுவதும் ஒப்பிடுவதும் தரகைத்தான்.

இதே பங்கு, இதே டாலர் இறக்கம், ஆனால் சந்தை விலையில் மாற்றித் தந்து ஒவ்வொரு மாற்றுக்கும் 2 டாலர், ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் 2 டாலர் மட்டும் எடுக்கும் தரகர் என்றால் முடிவு 21,151.88 வெள்ளி. இலாபம் 5.8 விழுக்காடு. வேறு எதுவும் மாறவில்லை.

நாணய மாற்றுக்குக் கட்டணமே இல்லை என்று செயலியில் போட்டிருக்கிறதே?

சிராங்கூன் சாலையில் நாணய மாற்றுக் கடைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ரூபாய்க்கு நேரே இரண்டு எண்கள். ஒன்று அவர் வாங்கும் விலை, மற்றது அவர் விற்கும் விலை. எந்தக் கடையிலும் கட்டணம் என்று தனியாகக் கேட்பதில்லை. அந்த இரண்டு எண்களின் இடைவெளியில்தான் அவருடைய வாடகை, சம்பளம், இலாபம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் செயலியும் அதே கடைதான். ஒரே வேறுபாடு, கடைக்காரர் இரண்டு எண்களையும் வெளியே எழுதி வைக்கிறார்; செயலி அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டிய ஓர் எண்ணை மட்டும் காட்டுகிறது.

அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கச் சந்தை திறந்திருக்கும் நேரத்தில் மாற்றுப் பக்கத்தைத் திறந்து, 1,000 டாலர் வாங்க எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். உறுதி செய்யாமல் அப்படியே திருப்பி, 1,000 டாலர் விற்றால் எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். முதல் விடை 1,360, இரண்டாவது 1,340 என்றால் இடைவெளி 20 வெள்ளி. போக்குக்குப் பாதி, வரவுக்குப் பாதி. ஒரு வழிக்கு ஏறக்குறைய 0.74 விழுக்காடு. இதை வார இறுதியில் செய்யாதீர்கள். சந்தை மூடியிருக்கும்போது பலர் இடைவெளியை அகலமாக்கிவிடுவார்கள். அப்போது காணும் எண் வழக்கமான எண்ணாக இருக்காது.

ஒரு முறை வாங்கிப் பத்தாண்டு வைத்திருப்பவருக்கு இந்த 0.74 பெரிதல்ல. மாதம் இருமுறை வாங்கி விற்பவரை இது அரித்துத் தின்றுவிடும்.

பங்கை விற்ற பணம் டாலராகவே கணக்கில் இருக்க வேண்டுமா, உடனே வெள்ளியாக மாற வேண்டுமா? ஆணை கொடுக்கும்போது கேட்கிறார்கள், எதைத் தேர்ந்தெடுப்பது?

இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். முதல் கணக்கைத் தொடங்கியபோது `Settlement currency` என்ற கட்டத்தில் `SGD` என்று முன்பே நிரப்பியிருந்தது. சம்பளம் வெள்ளியில்தானே வருகிறது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் காலாண்டில் ஒரு பங்கை விற்று வேறொன்றை வாங்கினேன், அதையும் விற்று மூன்றாவதை வாங்கினேன். ஒவ்வொரு விற்றலிலும் டாலர் வெள்ளியானது, ஒவ்வொரு வாங்கலிலும் வெள்ளி மீண்டும் டாலரானது. பங்குகள் மூன்றும் சேர்ந்து கொஞ்சம் ஏறியிருந்தும் மொத்தத் தொகை இறங்கியிருந்தது. கணக்கறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு வரியிலும் இருந்த மாற்று விகிதத்தின் அடியில் பென்சிலால் கோடு போட்டபோதுதான் புரிந்தது. வாங்கிய நாளின் விகிதமும் விற்ற நாளின் விகிதமும் என் பக்கம் ஒருமுறைகூடச் சாயவில்லை.

மறுபடி அமெரிக்கப் பங்கே வாங்கப் போகிறீர்கள் என்றால் டாலராகவே விட்டுவிடுங்கள். ஈவுத்தொகையும் டாலரிலேயே சேரட்டும். வெள்ளி வேண்டிய நாளில் ஒரே தடவையாக மாற்றிக்கொள்ளலாம். சில தரகர்களிடம் டாலர் கணக்கு தானாக வராது. தனியாகத் திறக்க வேண்டியிருக்கும். ஆணைப் பக்கத்தில் அந்தத் தேர்வே காணப்படவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மாதம் 500 வெள்ளிதான் ஒதுக்க முடியும். மாதாமாதம் வாங்கலாமா?

குறைந்தபட்சத் தரகைப் பாருங்கள். விகிதம் 0.3 விழுக்காடுதான், ஆனால் குறைந்தது 20 டாலர் என்று இருந்தால், 500 வெள்ளியின் 370 டாலரில் 20 டாலர் போய்விடும். அது 5.4 விழுக்காடு. அப்படிப்பட்ட தரகரிடம் இருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை, முடிந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்து வாங்குவதே மேல். ஒன்றிரண்டு டாலர் மட்டும் எடுக்கும் தரகரிடம் மாதாமாதம் வாங்குவதில் தடையில்லை.

சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுக்கு எவ்வளவு பணம் அனுப்பலாம்? உச்சவரம்பு உண்டா?

அரசாங்கம் வைத்த வரம்பு இல்லை. நாணயக் கட்டுப்பாடுகளைச் சிங்கப்பூர் 1978லேயே நீக்கிவிட்டது. இங்கே சம்பாதித்த பணத்தை எந்த நாட்டுப் பங்கிலும் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நடைமுறையில் நீங்கள் முட்டிக்கொள்வது வங்கியின் சுவரில். உள்ளூர் வங்கிகளுக்கிடையே நொடியில் பணம் போகும் ஃபாஸ்ட் முறையில் ஒரு தடவைக்கு 2,00,000 வெள்ளி வரை அனுப்பலாம். ஆனால் உங்கள் இணைய வங்கிக் கணக்கில் அன்றாட வரம்பு அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். அதை நீங்களே உயர்த்திக்கொள்ளலாம். சந்தை இறங்கிய இரவில் பத்தரை மணிக்கு அதைச் செய்யப் பார்க்காமல் முன்கூட்டியே செய்துவைப்பது நல்லது. மோசடித் தடுப்புக்காக, உயர்த்திய வரம்பு உடனே நடப்புக்கு வராமல் சில மணி நேரம் காத்திருக்க வைப்பதும் உண்டு.

தரகருக்கு இங்கேயே வங்கிக் கணக்கு இருந்தால் வெள்ளியை ஃபாஸ்ட் வழியாக அனுப்பி, தரகரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். வங்கியிலேயே டாலராக மாற்றித் தந்திப் பரிமாற்றமாக அனுப்பினால் வங்கியின் மாற்று விகிதம், அனுப்பும் கட்டணம், வழியில் இருக்கும் இடைநிலை வங்கி கழிக்கும் தொகை என்று மூன்று இடத்தில் தேயும். கணவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து மனைவி பெயரிலுள்ள தரகுக் கணக்குக்கு அனுப்பினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

மதுரையில் இருக்கும் என் தம்பி 15 லட்சம் ரூபாய் அனுப்புகிறேன், உன் கணக்கிலேயே எனக்கும் வாங்கிப் போடு அண்ணா என்கிறான். செய்யலாமா?

வேண்டாம். வரம்பு என்பது இங்கே இல்லை, அங்கே இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். தம்பியின் 15 லட்சம் அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கும். சிக்கல் தொகையில் இல்லை, பெயரில் இருக்கிறது. அனுப்பும்போது என்ன நோக்கம் என்று வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். உறவினருக்கு அன்பளிப்பு என்று எழுதினால் பணம் உங்களுடையதாகிவிடும். பங்கும் சட்டப்படி உங்களுடையது. முதலீடு என்று எழுதினால் பங்கு அவர் பெயரில் இருக்க வேண்டும். அன்பளிப்பு என்று எழுதிவிட்டு உள்ளுக்குள் அவருடையதாக வைத்துக்கொள்வது பொய்யான அறிவிப்பு. நாளை உங்கள் இருவரில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால், அது உங்கள் பிள்ளைகளுக்கிடையே தகராறாகவும் மாறும்.

அவர் பெயரிலேயே வெளிநாட்டுத் தரகுக் கணக்கு திறந்து அனுப்பட்டும். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக ஓராண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 விழுக்காட்டை, டிசிஎஸ் எனப்படும் முன்கூட்டிய வரியாக, வங்கி அனுப்பும்போதே வசூலிக்கிறது. 15 லட்சத்தில் தாண்டியது 5 லட்சம். வசூல் 1 லட்சம். இது செலவு ஆகாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பி வரும் வரை அந்த ஒரு லட்சம் சும்மா கிடக்கிறது. கையில் 15 லட்சம் மட்டுமே வைத்திருப்பவர் இதைக் கணக்கில் எடுக்காமல் வங்கிக்குப் போனால் முழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களை அவரிடம் சொல்லுங்கள். எல்ஆர்எஸ் பணத்தைக் கடன்வைத்து வாங்கும் மார்ஜின் வணிகத்துக்குப் பிணைத்தொகையாக அனுப்பக் கூடாது. முதலீடு செய்யாமல் சும்மா கிடக்கும் தொகையை 180 நாளுக்குள் இந்தியாவுக்குத் திருப்ப வேண்டும். சந்தை இறங்கட்டும் என்று தரகுக் கணக்கில் பணத்தைக் குவித்து ஓராண்டு காத்திருக்க இடமில்லை.

அப்படியென்றால் ஊரில் என்னுடைய என்ஆர்ஓ கணக்கில் இருக்கும் வாடகைப் பணத்தை இங்கே கொண்டுவந்து வாங்கலாமா?

அது உங்கள் பணம், வழியும் இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியருக்கு எல்ஆர்எஸ் பொருந்தாது. என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை, வரி கட்டியதற்கான படிவங்களோடு எடுத்துவரலாம். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணம் இருக்கும் என்ஆர்இ கணக்குக்கு வரம்பே இல்லை.

நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. ரூபாய் வெள்ளியாகி, வெள்ளி டாலராகி, பிறகுதான் பங்காகிறது. நாணய மாற்றுக் கடையை இருமுறை கடக்கிறீர்கள். இங்கே மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டு பங்கு வாங்கி, ஊர்ப் பணத்தை ஊர்ச் செலவுக்கு விட்டுவைத்தால், ஊருக்கு அனுப்பும் பணத்திலும் ஒரு மாற்று மிச்சமாகும்.

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலேயே அமெரிக்கக் குறியீட்டு நிதி கிடைக்கிறது. அதை வாங்கினால் டாலர் ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. எந்தச் சந்தையில் வாங்குகிறீர்கள், எந்த நாணயத்தில் விலை எழுதியிருக்கிறது என்பவற்றால் ஆபத்து மாறாது. நிதிக்குள் இருக்கும் நிறுவனங்கள் எந்த நாணயத்தில் சம்பாதிக்கின்றன என்பதே கணக்கு. தேக்காச் சந்தையில் வெள்ளியில் விலை போட்டிருந்தாலும் வஞ்சிர மீன் பிடிபட்ட கடல் ஒன்றுதானே. லண்டனில் பவுண்டில் விலை எழுதிய அமெரிக்க நிதியை வாங்கினாலும் டாலர் இறங்கினால் உங்கள் வெள்ளித் தொகை இறங்கும். பவுண்டு வெறும் விலைச்சீட்டு. ஆனால் மாற்றுச் செலவு மட்டும் கூடலாம், ஏனென்றால் வெள்ளியைப் பவுண்டாக்க வேண்டும். அதே நிதிக்கு லண்டனில் டாலர் விலைப் பட்டியலும் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஹாங்காங் சற்று விசித்திரமானது. அங்குள்ள டாலர் 1983 முதல் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, இப்போது 7.75க்கும் 7.85க்கும் நடுவில்தான் அசைகிறது. நீங்கள் வாங்கும் சீன நிறுவனமோ யுவானில் சம்பாதிக்கிறது. இரண்டும் உங்கள் கணக்கில் வந்து சேரும்.

டாலர் இறங்கும் வரை காத்திருந்து மாற்றினால் என்ன?

2011 நடுவில் டாலர் 1.20 வெள்ளி வரை இறங்கியது. 2017 தொடக்கத்தில் 1.45ஐ ஒட்டி நின்றது. இரண்டு முனையையும் முன்கூட்டிச் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்துக்குப் பதிலாக வெள்ளியின் மதிப்பையே நெம்புகோலாக வைத்து விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயக் கூடைக்கு எதிராக ஒரு பட்டைக்குள் வெள்ளியை நடத்துகிறது. பெரும்பாலும் மெல்ல வலுப்படுத்துகிறது. ஆகவே நெடுங்காலத்தில் வெளிநாட்டுப் பங்கின் ஏற்றத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு சிறு பகுதியை வெள்ளி தின்னும் என்று எதிர்பார்த்துக் கணக்குப் போடுவது புத்திசாலித்தனம். அதற்குமேல் ஊகித்துப் பயனில்லை.

ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டைப் பிடிக்கிறார்கள். W-8BEN நிரப்பியும் குறையவில்லையே?

குறையாது. அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லை. அந்தப் படிவம் நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று சொல்வதற்கு. அதைக் காலாவதியாக விட்டால் விற்பனைத் தொகையிலும் கைவைப்பார்கள். பங்கு விற்ற இலாபத்துக்குச் சாதாரணத் தனிநபரிடம் அமெரிக்காவும் வரி கேட்பதில்லை, சிங்கப்பூரும் கேட்பதில்லை.

ஈவுத்தொகை வரியைவிடப் பெரிய வரி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அமெரிக்கர் அல்லாதவர் இறந்தால், அவருடைய அமெரிக்கப் பங்குகளில் 60,000 டாலர் வரைதான் மரபுரிமை வரியிலிருந்து விலக்கு. 1,60,000 டாலர் பங்கு இருந்தால், வேறு கழிவுகள் இல்லாத நிலையில் வரி 29,000 டாலர். அமெரிக்க வரித்துறையின் சான்று வரும்வரை தரகர் கணக்கை விடுவிக்க மாட்டார். குடும்பத்தினர் கையில் பணம் இல்லாமல் அலைவது அந்த மாதங்களில்தான்.

அயர்லாந்தில் பதிவாகி லண்டனில் விற்கப்படும் நிதிகளைச் சிங்கப்பூர்க்காரர்கள் நாடுவதற்குக் காரணம் இதுவே. அந்த நிதிக்கு அமெரிக்க ஈவுத்தொகையில் 15 விழுக்காடுதான் பிடிப்பு, உங்கள் கையில் இருப்பது அயர்லாந்துச் சொத்து என்பதால் அமெரிக்க மரபுரிமை வரி எட்டாது. சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலான எல்லா நிதிக்கும் இந்தச் சலுகை வராது. அங்கே விற்கும் எஸ்பிடிஆர் எஸ்&பி 500 நிதி அமெரிக்காவில் பதிவான அதே நிதிதான். நிதியின் விவரத்தாளில் பதிவான நாடு எது என்ற வரியைத் தேடுங்கள்.

இன்னும் ஐந்தாறு ஆண்டில் தஞ்சாவூருக்கே திரும்பிவிடுவேன். என் கணக்கு எப்படி?

வெள்ளியில் போடாதீர்கள், ரூபாயில் போடுங்கள். கடைசியில் எந்த நாணயத்தில் அரிசி வாங்கப் போகிறீர்களோ அதுதான் உங்கள் அளவுகோல். 2015 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 63 ரூபாய். 2025 இறுதியில் 85க்கு மேல். முதல் கணக்கில் 3.7 விழுக்காட்டுக்குச் சுருங்கியவரும் ரூபாயில் பார்த்தால் வேறு முகத்தோடு இருந்திருப்பார்.

இங்கே இருந்தபோது வாங்கிய வெளிநாட்டுப் பங்குகளை ஊருக்குத் திரும்பிய பிறகும் வைத்திருக்க இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருகிறது. விற்றுவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் முழு வசிப்பாளர் நிலைக்கு வந்த ஆண்டிலிருந்து, வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான `Schedule FA` பகுதியை நிரப்ப வேண்டும். வருமானமே வராவிட்டாலும் நிரப்ப வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும். அந்தப் பகுதி நிதியாண்டைப் பின்பற்றாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கும். ஆண்டு முழுவதிலும் இருந்த உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, முதலில் வாங்கிய மதிப்பு மூன்றையும் ரூபாயில் கேட்கும். கிளம்பும் முன் தரகரின் தளத்திலிருந்து முதல் நாள் தொட்டு எல்லா ஆண்டு அறிக்கைகளையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணை ரத்து செய்துவிட்டால் பிறகு தளத்துக்குள் நுழைய முடியாமல் போகலாம், நுழைவதற்கான குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும்.